நிபந்தனை எங்கே வேலை செய்கிறது?

அஜின்கோர்ட்டில் பள்ளி முடிந்த பின்னர் கணித வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர், ஊரில் சாதாரண தரத்துக்குப் படித்தபோது தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று தலைப்புகள் இட்டுக் கேத்திரகணிதம் எழுதிப் பழகியவர்கள். ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் அந்த வடிவம் இல்லை. 10ஆம் வகுப்பில் முக்கோணியின் பண்புகளை ஆள்கூறுகளை வைத்துச் சரிபார்க்கிறார்கள். 11ஆம் வகுப்பில் திரிகோணகணிதச் சர்வசமன்பாடுகளுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும் பெற்றோருக்கு இது நிறுவல்தானா, அல்லது வெறும் கணக்கா என்று சந்தேகம் வருகிறது. நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு நிறுவலில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியாக இருக்கலாம். ஆனாலும் நிறுவல் நிற்காமல் போகலாம். இப்படி விழும் நிறுவல்களில் மூன்று வகைக் குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகக் காரணம் தராத இடைவெளி ஒன்று. வாசிப்பவர் கவனிக்காமலே ஒப்புக்கொண்டுவிடும் எடுகோள் இன்னொன்று. நிறுவ வேண்டியதையே எங்கோ ஓரிடத்தில் பயன்படுத்திவிடுவது மூன்றாவது. பாடநூல்கள் இவற்றை வெவ்வேறு நோய்கள் போலப் பிரித்துச் சொல்கின்றன. விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு உறுதியானது வேறு. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் ஒரே கேள்வி மூன்றையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது: இந்த முடிவு உண்மையாக இருக்க எந்த நிபந்தனை தேவை, அந்த நிபந்தனை நிறுவலின் எந்த வரியில் வேலை செய்கிறது?

மிகச் சிறிய எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். √(1 − sin²x) = cos x என்று நிறுவும்படி கேட்டால், ஒரு மாணவி இரு பக்கத்தையும் வர்க்கிப்பாள். 1 − sin²x = cos²x என்று வரும். இது தெரிந்த உண்மை; ஆகவே நிறுவப்பட்டது என்று முடிப்பாள். எந்த வரியிலும் கணக்குப் பிழை இல்லை. ஆனால் x = 120° என்று இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ½, வலப்பக்கம் −½. சமன்பாடே பொய்.

அவள் செய்தது, முடிவை உண்மையென்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஓர் உண்மையான கூற்றுக்கு வந்து சேர்ந்தது. பொய்யிலிருந்தும் உண்மைக்கு வரலாம்: 1 = −1 என்பதை வர்க்கித்தால் 1 = 1 கிடைக்கும். ஆகையால் இப்படி எழுதப்பட்ட விடையைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பிப் போக முடிகிறதா? (1 − cos x)(1 + cos x) = sin²x என்பதை அவள் இதே மாதிரி மேலிருந்து எழுதியிருந்தால், ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போகலாம். அங்கே பிழை எழுதிய ஒழுங்கில் மட்டுந்தான். சில புள்ளிகளைக் குறைத்தால் போதும். முதல் எடுத்துக்காட்டில் வர்க்கமூலத்தோடு திரும்பும்போது cos x மறையல்ல என்ற நிபந்தனை தேவைப்படுகிறது. அது விடைத்தாளில் எந்த இடத்திலும் இல்லை. அங்கே நிறுவலே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே சிவப்பு மையால் வெட்டுவது மாணவிக்குச் செய்யும் அநீதி.

சொல்லப்படாத எடுகோளுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம் ஒரு பழைய போலி நிறுவல். றவுஸ் போல் எழுதிய கணிதப் பொழுதுபோக்கு நூலில் அது இருக்கிறது. 1939இல் வந்த பதினோராம் பதிப்பைத் திருத்தியமைத்தவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அறுபதாண்டுகளுக்கு மேலாக இருந்த கேத்திரகணித அறிஞர் கொக்செற்றர். எந்த முக்கோணியும் இருசமபக்க முக்கோணியே என்று அது நிறுவுகிறது.

ABC என்ற முக்கோணியில் A யின் கோண இருகூறாக்கியும் BC யின் செங்குத்து இருகூறாக்கியும் O வில் சந்திக்கட்டும். O விலிருந்து AB க்கு OF, AC க்கு OE என்ற செங்குத்துகளை வரைக. O கோண இருகூறாக்கியில் இருப்பதால் AF = AE, OF = OE. O செங்குத்து இருகூறாக்கியில் இருப்பதால் OB = OC. இப்போது OFB, OEC என்ற செங்கோண முக்கோணிகளில் செம்பக்கமும் ஒரு பக்கமும் சமன், அவை ஒருங்கிசைகின்றன. ஆகவே FB = EC. AF + FB = AE + EC. ஆகவே AB = AC.

இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒருங்கிசைவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அது முழுக்கச் சரி. சரியான அளவுகளை வைத்துப் பார்ப்பதுதான் வழி. 10ஆம் வகுப்பில் கற்ற ஆள்கூறுகளே போதும். A(0, 0), B(8, 0), C(0, 6) என்று எடுப்போம். கோண இருகூறாக்கி y = x. அதில் B க்கும் C க்கும் சமதூரத்தில் உள்ள புள்ளி (7, 7): இரண்டு தூரமும் √50. ஆக O(7, 7), முக்கோணிக்கு வெளியே இருக்கிறது. செங்குத்துகளின் அடிகள் F(7, 0), E(0, 7). AF = AE = 7 சரி. FB = EC = 1 சரி. ஆனால் F ஆனது A க்கும் B க்கும் இடையில் இருக்கிறது. E ஆனது C யைத் தாண்டி இருக்கிறது. AB = 7 + 1 = 8. AC = 7 − 1 = 6. கூட்டல் குறி ஒன்று மட்டும் பொய்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விடக்கூடாது. O வெளியே இருப்பதுதான் பிழை என்று சொல்லிவிட்டுப் போவார் பலர். அது போதாது. O வெளியே இருந்து, இரண்டு செங்குத்துகளின் அடிகளும் பக்கங்களைத் தாண்டி விழுந்திருந்தால், AB = AF − FB, AC = AE − EC என்று வந்து மறுபடியும் AB = AC ஆகியிருக்கும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்பதுதான் நிறுவலை உடைக்கிறது. பக்கங்கள் சமனாக இல்லாதபோது அது எப்போதும் அப்படித்தான் நடக்கும்: AF, AE இரண்டும் AB, AC ஆகியவற்றின் சராசரிக்குச் சமன், சராசரி பெரியதைவிடக் குறைவு, சிறியதைவிடக் கூட. குறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரிடமும் குறை இருக்கலாம். அவர் காட்டும் இடத்தைத் திருத்திய பிறகும் பொய்யான முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறுவலில் “இடையில்” என்ற செய்தி எழுத்தில் இல்லை, படத்தில் இருந்தது. யூக்கிளிட்டின் நூலிலும் ஒரு கோட்டில் எந்தப் புள்ளி எதற்கு இடையில் என்பதற்கு அடிப்படைக் கூற்றுகள் கிடையாது. படம்தான் அந்த வேலையைச் செய்தது. 1882இல் பாஷும் 1899இல் ஹில்பேட்டும் அவற்றைச் சொற்களாக எழுதும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. ஆகவே படத்தோடு வரும் நிறுவலைத் திருத்தும்போது நான் படத்தை மறைத்துவிட்டு வாசிப்பேன். எழுத்திலிருந்து மட்டும் வேறொரு படம் வரைய முடிந்தால், அந்தப் படத்துக்கும் நிறுவல் பொருந்த வேண்டும்.

அடுத்தது சுற்றிவரும் நிறுவல். இது மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, அதுவும் கெட்டிக்காரரிடம். x பூச்சியத்தை அணுகும்போது sin x / x இன் எல்லை 1 என்று காட்ட வேண்டும். ஒன்ராறியோவின் 12ஆம் வகுப்பு நுண்கணிதத்தில் லோப்பித்தால் விதி இல்லை. வெளியே கற்றுவந்தவர் அதைப் போடுவார். மேலும் கீழும் வகையிட்டால் cos x / 1; x = 0 இல் அது 1. இரண்டு வரியில் முடிந்தது.

sin x இன் பெறுதி cos x என்பது எங்கிருந்து வந்தது? x = 0 இல் பெறுதி என்பதன் வரைவிலக்கணத்தை எழுதினால் (sin h − sin 0)/h இன் எல்லை. அதாவது sin h / h இன் எல்லை. எதைக் கேட்டார்களோ அதுவேதான். பொதுவான x க்கு sin(x + h) ஐ விரித்தாலும் அதே எல்லை வந்து நிற்கும். மாணவரின் தாளில் வட்டம் தெரியாது, ஏனெனில் வட்டத்தின் மறுபாதி பாடநூலின் வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது.

நமது கேள்வியை இங்கே போட்டால் வட்டத்தைத் தேடி அலையாமலே சந்தேகம் வந்துவிடும். கல்குலேட்டரைப் பாகைக்கு மாற்றி sin 1 ஐக் கேட்டால் 0.01745 என்று காட்டும். பாகையில் அந்த எல்லை 1 அல்ல, π/180. ஆகவே கோணம் ஆரையனில் என்ற நிபந்தனை இல்லாமல் கூற்றே பொய். இரண்டு வரி நிறுவலில் ஆரையன் எங்கே வருகிறது? எங்கும் இல்லை. அப்படியானால் அது கடன் வாங்கிய வரிக்குள், “sin இன் பெறுதி cos” என்பதற்குள், ஒளிந்திருக்கிறது. அந்த வரியைத் திறந்து பார்த்தால் நிறுவ வேண்டியதே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

சுற்றிவருதல் என்பது வரியின் குணமல்ல, ஒழுங்கின் குணம். sin x ஐ முடிவிலித் தொடராக வரையறுத்துத் தொடங்கும் நூலில், அதன் பெறுதி உறுப்புறுப்பாக வகையிட்டுக் கிடைக்கும். அங்கே லோப்பித்தால் விதியைப் போட்டால் வட்டம் இல்லை. அதே இரண்டு வரி, ஒரு நூலில் நிறுவல், இன்னொன்றில் நிறுவல் அல்ல. ஆகவே திருத்துபவர் “இந்த வகுப்பில் sin என்றால் என்ன?” என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பாடநூல்களில் உள்ள வழமையான நிறுவலைப் பார்ப்போம். ஆரை 1 உள்ள வட்டத்தில், கோணம் x உள்ள ஆரைச்சிறைக்குள் ஒரு முக்கோணி, அதைச் சூழ இன்னொரு முக்கோணி. பரப்புகளை ஒப்பிட்டால் ½ sin x < ½ x < ½ tan x. ½ sin x ஆல் வகுத்து, தலைகீழாக்கி, நடுவில் நெருக்கினால் எல்லை 1. இதில் ஆரையன் வெளிப்படையாக வேலை செய்கிறது: ஆரைச்சிறையின் பரப்பு ½ x என்ற இடத்தில். நல்லது. ஆனால் அந்த ½ x எங்கிருந்து வந்தது? முழுவட்டத்தின் பரப்பு πr² என்பதிலிருந்து. π என்பது பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமானால், பரப்புக்குள் அது எப்படி வந்தது? வட்டத்துக்குள் n பக்கப் பல்கோணி வரைந்து, அதன் பரப்பு (n/2) sin(2π/n) என்று எழுதி, n ஐப் பெருக்கினால் π வரும் என்பார்கள். அப்படி வருவதற்கு வேண்டியது sin x / x இன் எல்லை 1 என்பதே. இன்னொரு வட்டம், முன்னதைவிடப் பெரியது.

இதிலிருந்து வெளியேற வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஆக்கிமிடீஸ் கோளமும் உருளையும் பற்றிய நூலின் தொடக்கத்தில், ஒரே முனைகளைக் கொண்ட இரு குவிந்த வளைகோடுகளில் வெளியே சூழ்ந்திருப்பது நீளமானது என்று வெளிப்படையாக எடுத்துக்கொண்டார். வட்டத்தின் பரப்பையும் பரிதியையும் இணைப்பதற்கு வேண்டிய எடுகோள் அதுவே. அவர் அதை மறைக்கவில்லை. இன்னொரு வழி, வில்லின் நீளத்தை அதற்குள் வரையப்படும் நாண்தொடர்களின் நீளங்களின் மிகச்சிறிய மேல்வரம்பு என்று வரையறுப்பது. அப்போது sin x < x என்பது உடனே கிடைக்கும். x, tan x ஐ விஞ்சாது என்பதற்கு மட்டும் உழைக்க வேண்டும்: மையத்திலிருந்து ஒவ்வொரு நாணையும் தொடலிமேல் எறிந்தால் விழும் துண்டு அந்த நாணைவிட நீளமானது என்று சாதாரணத் திரிகோணகணிதத்தால் காட்டலாம். துண்டுகளைக் கூட்டினால் tan x. எல்லை எதுவும் இடையில் வரவில்லை, வட்டம் உடைந்துவிட்டது. இந்தத் திருத்தத்தை ஒரு பாடநூல் முழுமையாக எழுத வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் ஆரைச்சிறையின் பரப்பை எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி எழுதலாம். அந்த வரி இருந்தால் அது எடுகோள். இல்லாவிட்டால் குறை.

இடைவெளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் எல்லா நிறுவலிலும் இடைவெளி உண்டு. எல்லாப் படிகளையும் எழுதினால் யாராலும் வாசிக்க முடியாது. கேள்வி, அந்த இடத்தை நிரப்பச் சொன்னால் எழுதியவரால் நிரப்ப முடியுமா என்பதே. 1993 யூனில் கேம்பிறிட்ஜில் அன்ட்ரூ வைல்ஸ் ஃபேர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு நிறுவல் கண்டதாக அறிவித்தார். மதிப்பீட்டாளர்களில் ஒருவரான நிக் கற்ஸ், விளங்காத இடங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டுக்கொண்டே போனார். பெரும்பாலானவற்றுக்கு விடை விரைவில் வந்தது. ஒன்றுக்கு மட்டும் வரவில்லை: ஒரு கணத்தின் அளவுக்கு மேல்வரம்பு தரும் என்று நம்பிய முறை, வேண்டிய எல்லாச் சந்தர்ப்பங்களிலும் அதைத் தரவில்லை. 1994 செப்ரெம்பரில் ரிச்சட் டெயிலரின் துணையோடு வைல்ஸ் வேறு வழியில் அதைக் கடந்தார், 1995இல் வெளியானது. விளங்கவில்லை என்று எழுதிக் கேட்பதுதான் இடைவெளியைக் காணும் முறை. விடை வரும் வேகமும் விடையின் நீளமும் மீதியைச் சொல்லிவிடும்.

எண்களை இட்டுப் பார்ப்பது குறையை எப்போதும் காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குச் சான்று நம்மவர்தான். 1913 சனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கேம்பிறிட்ஜ் கணித அறிஞர் ஹாடிக்கு எழுதிய முதல் கடிதத்தில், x வரையுள்ள முதன்மை எண்களின் எண்ணிக்கையைத் தரும் ஒரு சார்பைக் கண்டிருப்பதாகச் சொன்னார். x முடிவிலியை நோக்கிப் போனாலும் சார்புக்கும் உண்மையான எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகப் பூச்சியம் அல்லது சிறிய எண் என்பது அவருடைய கூற்று.

பத்து இலட்சம் வரை 78,498 முதன்மை எண்கள் இருக்கின்றன. இராமானுஜனின் தொடர், 1859இல் றீமன் எழுதிய சார்பின் இன்னொரு வடிவம். அது தருவது 78,527. வித்தியாசம் 29. பத்துக் கோடி வரை 57,61,455 எண்கள். தொடர் 97 கூடுதலாகச் சொல்கிறது. நூறு கோடியில் 79 குறைவாகச் சொல்கிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கைகளில் இந்த வித்தியாசங்களைப் பார்ப்பவர் யாரும் வியப்பார்கள். ஆனால் வித்தியாசம் அடங்கி நிற்பதில்லை. இரு திசையிலும் எல்லையில்லாமல் ஊசலாடுகிறது. 1914இல் ஹாடியின் சகாவான லிட்டில்வூட் நிறுவிய முடிவு இதை உறுதிசெய்தது.

குறை எங்கே இருந்தது? றீமனின் சீற்றா என்னும் சார்பு, சிக்கலெண்களில் முடிவின்றிப் பல இடங்களில் பூச்சியமாகிறது. ஒவ்வொரு பூச்சியமும் முதன்மை எண்களின் எண்ணிக்கையில் ஓர் அலையைச் சேர்க்கிறது. அந்த நாளில் இராமானுஜனுக்குச் சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டில் பயிற்சி இல்லை. சிக்கலெண் பூச்சியங்கள் இல்லாத உலகத்தில் சரியாக இருக்கும் கோட்பாட்டை அவர் எழுதினார் என்பதே பின்னாளில் ஹாடி சொன்ன தீர்ப்பு. அந்த எடுகோள் அவருடைய வரிகளில் எங்கும் இல்லை; அப்படி ஒன்று தேவை என்றே அவருக்குத் தெரியவில்லை. படத்துக்குள் ஒளிந்த “இடையில்” போலவே இதுவும் ஒளிந்திருந்தது, ஆனால் இங்கே மறைத்துப் பார்க்கப் படமும் இல்லை, சரிபார்த்த எண்களும் சார்பாகவே பேசின. இதைக் கண்டவர்கள் அந்தக் கோட்பாட்டை முழுதும் அறிந்தவர்கள். அவர்கள் கேட்டதும் நமது கேள்விதான்: பூச்சியங்கள் இந்த நிறுவலில் எங்கே வருகின்றன?

கேம்பிறிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த இராமானுஜன் 1915இல் மிகுபகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதலான வகுத்திகளைக் கொண்ட எண்கள் அவை. அங்கேயும் முதன்மை எண்களின் பரம்பல் வருகிறது, அதே பூச்சியங்கள் வருகின்றன. ஆனால் இம்முறை, அவை எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றன என்னும் றீமனின் கருதுகோளை உண்மையென்று எடுத்துக்கொண்டால் என்று சொல்லிவிட்டே அந்த முடிவுகளைத் தருகிறார். அச்சேறாமல் நின்ற அந்த ஆய்வின் மீதிப் பகுதி 1997இல் வெளிவந்தது; அதிலும் எடுகோள் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. றீமனின் கருதுகோள் இன்னமும் நிறுவப்படவில்லை. நாளை அது பொய்யென்று தெரிந்தாலும், இராமானுஜனின் எந்த முடிவுகளை நீக்க வேண்டும், எவை அப்படியே நிற்கும் என்று அவருடைய தாளைப் பார்த்தே ஒருவர் பிரித்துவிடலாம்.